விளையாட்டில் குழந்தை செலவழித்த பணம்: ரசீதைப் படிப்பதும் திரும்பக் கேட்பதும்

கைப்பேசி விளையாட்டில் குழந்தை பணம் செலவழித்துவிட்டது என்று தெரியவரும்போது பெற்றோரின் கையில் இருப்பது பெரும்பாலும் வங்கியிலிருந்து வந்த ஒரு குறுஞ்செய்தி மட்டுமே. கணக்கிலிருந்து இவ்வளவு ரூபாய் கழிந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. எந்த விளையாட்டு, என்ன பொருள், எந்தக் கூகுள் கணக்கு, எத்தனை மணிக்கு, ஒருமுறை வாங்கியதா அல்லது மாதாமாதம் தொடர்வதா என்பவை எல்லாம் இன்னொரு தாளில், அதாவது மின்னஞ்சலுக்கு வந்து யாரும் திறந்து பார்க்காமல் கிடக்கும் ரசீதில் இருக்கின்றன. பணத்தைத் திரும்பக் கேட்பது முழுவதும் அந்த ரசீதைக் கொண்டுதான் நடக்கிறது என்பதால், முதலில் அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியே இருப்பதால், கூகுள் பிளே வழியாக யூபிஐயில் பணம் போன நிலையையே இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் அம்மா, சனிக்கிழமை கைக்கு வந்த வாரக்கூலியை வங்கிக் கணக்கில் போட்டு வைக்கிறார். திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்குச் சீட்டுப் பணம் அனுப்பப் பார்க்கும்போது தொகை குறைகிறது. குறுஞ்செய்திகளைத் தேடினால், ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையே 449 ரூபாய் இரண்டு முறையும் 899 ரூபாய் ஒரு முறையும் போயிருக்கின்றன. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு 89 ரூபாய் போயிருக்கிறது. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனை அழைத்து, "ஏஞ்சாமி, இந்தக் காசு எப்படிப் போச்சு, அம்மாகிட்டச் சொல்லு கண்ணு" என்று கேட்கிறார். "கேம்ல டைமண்ட் வாங்குனேனுங்மா, ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். வெள்ளிக்கிழமை நான் ஒண்ணுமே பண்ணலீங்மா" என்கிறான் அவன். இப்படிக் கோபப்படாமல் கேட்டு வாங்கும் விவரம் பின்னால் மிகவும் உதவும், ஏனென்றால் எந்த விளையாட்டில் எதை வாங்கினான், பின் எண் அவனுக்கு எப்படித் தெரியும் என்பவை விண்ணப்பம் எழுதும்போதும் தேவைப்படும். பையன் சொன்னது இங்கே முழு உண்மை. வெள்ளிக்கிழமைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை ரசீது காட்டிக்கொடுக்கும்.

அந்த அம்மா தன் ஜிமெயிலைத் திறந்து பார்க்கிறார். ரசீது எதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் குழம்பிப்போய் வங்கிக்கு ஓடுகிறார்கள். கைப்பேசியை வாங்கிய அன்று கடைக்காரத் தம்பி ஒரு புதிய ஜிமெயில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருப்பார்; பிறகு பள்ளி வேலைக்காகவோ வேறு எதற்காகவோ இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கும். ஒரே கைப்பேசியில் இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால், வாங்கியபோது பிளே ஸ்டோரில் எந்தக் கணக்கு செயலில் இருந்ததோ அந்தக் கணக்கின் முகவரிக்கே ரசீது போகும். பணம் யாருடைய வங்கியிலிருந்து போனது என்பதற்கும் ரசீது எந்த முகவரிக்கு வந்தது என்பதற்கும் தொடர்பில்லை. ஆகவே பிளே ஸ்டோரைத் திறந்து, வலப்பக்க மேல்மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, அங்கே தெரியும் கணக்குகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றிலும் `Payments & subscriptions` என்பதற்குள் வாங்கியவற்றின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். எந்தக் கணக்கில் அந்தத் தொகைகள் வரிசையாகத் தெரிகின்றனவோ, அந்தக் கணக்கில் நுழைந்துதான் மேற்கொண்டு எதையும் செய்ய முடியும்.

எல்லாக் கணக்குகளையும் பார்த்த பின்னும் அந்தத் தொகை எதிலும் இல்லையென்றால், பணம் கூகுள் பிளே வழியாகப் போகவே இல்லை என்று கிட்டத்தட்ட முடிவு செய்துகொள்ளலாம். டைமண்ட் விற்கும் வேறு இணையதளங்களும் உண்டு. முகம் தெரியாத ஒருவர் "எனக்கு அனுப்பு, உன் ஐடிக்குப் போட்டுவிடுகிறேன்" என்று பையனிடம் வாங்கியிருக்கவும் கூடும். யூபிஐ செயலியின் வரலாற்றில் பணம் பெற்றவரின் பெயரைப் பார்த்தால் இது விளங்கிவிடும். அப்படிப் போன பணத்துக்குக் கூகுள் பொறுப்பேற்காது. இணையதளம் என்றால் அந்த விற்பனையாளரிடம் கேட்க வேண்டும், ஏமாற்று என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கோ `cybercrime.gov.in` தளத்துக்கோ புகார் செல்ல வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் ரசீதுகள் கடைக்காரர் தொடங்கிக் கொடுத்த கணக்கில் கிடைத்துவிடுகின்றன. இனி ஒன்றைத் திறந்து மேலிருந்து கீழாகப் படிக்கலாம். முதலில் கண்ணில் பட வேண்டியது ஆர்டர் எண். அது பொதுவாக `GPA.` என்று தொடங்கி, இடையிடையே கோடிட்ட எண்களாக இப்படி நீளும்:

```
GPA.1234-5678-9012-34567
```

ஒவ்வொரு முறை வாங்கியதற்கும் தனி எண் உண்டு என்பதால், ஞாயிறு மாலை நடந்த மூன்றுக்கும் மூன்று எண்கள் இருக்கும். பணத்தைத் திரும்பக் கேட்பதும் மூன்று தனி விண்ணப்பங்களாகவே அமையும், அவற்றின் முடிவுகளும் தனித்தனியே வரும். வங்கிக் குறுஞ்செய்தியில் உள்ள பன்னிரண்டு இலக்க யூபிஐ எண் வேறு, இது வேறு. வங்கியிடம் பேசும்போது அந்த எண்ணும், கூகுளிடமோ விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்திடமோ பேசும்போது இந்த எண்ணும் தேவைப்படும். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பதில் வராமல் காத்திருப்பவர்கள் அதிகம்.

அடுத்து பொருளின் பெயர். விளையாட்டுக்குள் எதை வாங்கினார்கள் என்பதும், அது எந்த விளையாட்டு என்பதும் அந்த வரியில் சேர்ந்தே இருக்கும்; விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரையும் அங்கேயே பார்க்கலாம். டைமண்ட், ஜெம், காயின் போன்றவை செலவழித்தால் தீர்ந்துபோகும் பொருள்கள். பாஸ் என்றோ மெம்பர்ஷிப் என்றோ இருந்தால், அது தொடர்ந்து பணம் பிடிக்கும் சந்தாவாக இருக்கலாம். தொகைக்கு அருகில் வரியும் தனியே காட்டப்பட்டிருக்கும். விலைக்குள்ளேயே 18 விழுக்காடு ஜிஎஸ்டி அடங்கியிருப்பதால், 449 ரூபாயில் ஏறத்தாழ 68 ரூபாய் 49 காசு வரிதான். பணம் திரும்பக் கிடைத்தால் வரியும் சேர்த்து முழுத் தொகையாகவே வரும் என்பதால் அதைப் பற்றி மேலும் யோசிக்க வேண்டியதில்லை. பணம் எந்த வழியில் போனது, அதாவது யூபிஐயா, அட்டையா, பிளே கணக்கில் இருந்த இருப்பா என்பதும் ரசீதில் உண்டு. திரும்பும் பணமும் பொதுவாக அதே வழியில்தான் வரும்.

இப்போது வெள்ளிக்கிழமை 89 ரூபாய்க்கு வருவோம். அதன் ஆர்டர் எண்ணின் கடைசியில் ஒரு சிறு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது:

```
GPA.1234-5678-9012-34567..0
```

இரண்டு புள்ளியும் ஒரு சுழியமும் இருந்தால், இது ஒரு சந்தாவின் முதல் புதுப்பிப்பு என்று பொருள். முதன்முதலில் சந்தாவில் சேர்ந்தபோது வரும் ரசீதில் இந்த வால் இருக்காது. முதல் புதுப்பிப்புக்கு `..0`, அடுத்ததற்கு `..1` என்று அது வளர்ந்துகொண்டே போகும். எனவே இந்த ரசீதைப் பார்த்த உடனேயே, இதற்கு முந்தைய ரசீது ஒன்று இருந்தாக வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. தேடினால், ஒரு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலையில் 89 ரூபாய்க்கு ஒரு வாரப் பாஸ் வாங்கியிருப்பது கிடைக்கிறது. அந்த வாரச் செலவில் அது யார் கண்ணுக்கும் படவில்லை. அப்போது மகன் பின் எண்ணைப் போட்டபோது யூபிஐ ஆட்டோபே என்ற தொடர் அனுமதியும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. அடுத்த வாரம் பின் எண் கேட்காமலேயே பணம் போனதற்குக் காரணம் அதுதான். "நான் ஒண்ணுமே பண்ணலீங்மா" என்று பையன் சொன்னது இப்படித்தான் உண்மையாகிறது. ஆக மொத்தம் போன தொகை 1,886 அன்று, 1,975 ரூபாய்.

சந்தாவைப் பொறுத்தவரை முதல் வேலை அதை நிறுத்துவதுதான். பணத்தைத் திரும்பக் கேட்பது அதன் பிறகு. விளையாட்டைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது நிற்காது. பிளே ஸ்டோரில் `Payments & subscriptions` என்பதற்குள் `Subscriptions` பகுதிக்குப் போய், அந்தப் பாஸைத் தொட்டு ரத்து செய்ய வேண்டும். யூபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியையும் திறந்து, அங்கே வேறு ஏதேனும் தொடர் அனுமதி செயலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பணத்தைத் திரும்பக் கேட்பதில் காலமே முக்கியமானது. வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால், விவரங்களைப் பார்த்துக் கூகுளே முடிவு செய்கிறது. அந்த நேரம் கடந்துவிட்டால், விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளும்படி பொதுவாகச் சொல்லிவிடுகிறது. பணம் போனது நமக்குத் தெரியவந்த நேரத்திலிருந்து இதை எண்ணக் கூடாது. ரசீதில் உள்ள நேரத்திலிருந்தே எண்ண வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஞாயிறு ஏழு மணியிலிருந்து திங்கள் ஒன்பது மணி வரை 26 மணி நேரம் ஆகிறது. ஆகவே டைமண்ட் வாங்கிய மூன்றுக்கும் இன்னும் ஏறத்தாழ 22 மணி நேரம் மிச்சம் உண்டு. வெள்ளிக்கிழமைப் புதுப்பிப்புக்கு 87 மணி நேரம் ஆகிவிட்டது, அதற்கு முந்தைய வாரத்தைச் சொல்லவே வேண்டாம். எனவே மூன்றைக் கூகுளிடமும் இரண்டை அந்த நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். "நாளைக்கு மாமா வந்து பார்த்துக்கொள்வார்" என்று தள்ளிப்போட்டிருந்தால், செவ்வாய் இரவுக்குள் மூன்றும் கைநழுவியிருக்கும்.

கேட்கும் வழி இது. கைப்பேசி உலாவியிலோ கணினியிலோ `play.google.com` தளத்துக்குச் சென்று, பணம் போன அதே கூகுள் கணக்கில் நுழைந்து, வட்டப் படத்தைத் தொட்டு `Payments & subscriptions`, பிறகு `Budget & order history` என்று போனால், வாங்கியவை வரிசையாகத் தெரியும். உரிய ஆர்டருக்கு அருகில் `Report a problem` என்று இருக்கும். அதை அழுத்தினால் என்ன நடந்தது என்று சில தெரிவுகள் வரும். நண்பரோ குடும்பத்தாரோ நம் சம்மதமில்லாமல் வாங்கிவிட்டார் என்று பொருள்படும் தெரிவையே இங்கே எடுக்க வேண்டும். அதன் கீழே உள்ள இடத்தில், மகனின் வயது, அவன் எப்படி வாங்கினான், நமக்கு எப்போது தெரியவந்தது, பணத்தைத் திரும்பப் பெற விரும்புகிறோம் என்பவற்றை இரண்டு மூன்று எளிய வாக்கியங்களில் எழுதி அனுப்பலாம். பெரும்பாலும் ஒரு நாளில் முடிவு வந்துவிடும். சில வேளைகளில் நான்கு நாள் வரை ஆகும்.

உண்மை எதுவோ அதையே எழுத வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். "யாரோ திருடிவிட்டார்கள்" என்று எழுதினால் விரைவாகக் கிடைக்கும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அறிமுகமே இல்லாதவர் செய்த செலவுக்கு வேறு படிவம், வேறு விசாரணை உண்டு. அதற்குக் காலமும் 120 நாள் வரை உண்டு. ஆனால் வாங்கியது நம் வீட்டுக் கைப்பேசி, விளையாடியது நம் பையனின் கணக்கு என்பதெல்லாம் அவர்களின் பதிவுகளில் தெரியும். பொய்யான காரணத்தால் விண்ணப்பம் விழுந்துவிட்டால், உண்மையான காரணத்தை அதன் பிறகு சொல்வதற்கு வலு இருக்காது. அதே போல வங்கிக்குச் சென்று மோசடி என்று எழுதிக் கொடுப்பதும் சரியல்ல. யூபிஐயில் சரியான பின் எண் போட்டு நடந்த பரிமாற்றத்தை வங்கி நம் சம்மதத்தோடு நடந்ததாகவே கொள்ளும். அட்டையில் போன பணத்தை வங்கி வழியே வலுக்கட்டாயமாகத் திருப்பினால், அந்தக் கூகுள் கணக்கில் வாங்கும் வசதியே முடங்கக்கூடும்.

பணம் கட்டாயம் கிடைக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. கணக்கையோ பணம் செலுத்தும் விவரங்களையோ மற்றவரிடம் கொடுத்திருந்தாலும், வாங்குவதற்குமுன் சரிபார்ப்புக் கேட்கும்படி கணக்கைப் பாதுகாக்காமல் விட்டிருந்தாலும், பொதுவாகப் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று கூகுள் தன் விதியிலேயே சொல்லியிருக்கிறது. கைப்பேசி ரீசார்ஜ் செய்யவும் மளிகைக் கடைக்குப் பணம் அனுப்பவும் பிள்ளைகளிடம் பின் எண்ணைச் சொல்லிவைப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டதால், இந்த விதி நம்மை நேராகத் தொடுகிறது. என்றாலும், முதல் முறை, சிறு வயதுப் பிள்ளை, உடனே கேட்கப்பட்ட விண்ணப்பம் என்னும் நிலையில் கேட்டுப் பார்க்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை. முடிவு வரும்வரை அந்த டைமண்டுகளை மேலும் செலவழிக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவைக்க வேண்டும். பணம் திரும்பினால் வாங்கிய பொருள் பறிபோகும். ஏற்கெனவே செலவழித்துவிட்டிருந்தால் சில விளையாட்டுகளில் இருப்பு சுழியத்துக்கும் கீழே போகும், அல்லது விளையாட்டுக் கணக்கே முடக்கப்படும். இதை முன்கூட்டியே பையனிடம் சொல்லிவிடுவது நேர்மை.

48 மணி நேரம் கடந்த இரண்டு 89 ரூபாய்களுக்கு, பிளே ஸ்டோரில் அந்த விளையாட்டின் பக்கத்தைத் திறந்து சற்றுக் கீழே போனால், உருவாக்கிய நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். அதற்கு எழுதும் கடிதத்தில் இரண்டு `GPA.` எண்கள், தேதி, தொகை ஆகியவற்றோடு, விளையாட்டுக்குள் பையனின் பெயருக்கு அருகில் காணப்படும் பிளேயர் ஐடியும் இருக்க வேண்டும். இந்த ஐடி இல்லாத கடிதங்களுக்கு "ஐடியை அனுப்புங்கள்" என்ற பதில்தான் முதலில் வரும். அதில் பல நாள் வீணாகும். வாங்கியவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்பதையும், அது பெற்றோருக்குத் தெரியாமல் தானாகப் புதுப்பிக்கப்பட்டது என்பதையும் குறிப்பிடலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, சட்டப்படி வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி உடையவர் அல்லர். ஆனால் கணக்கு பெரியவரின் பெயரில் இருக்கும்போது, வாங்கியவர் பெரியவரே என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. எனவே இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. பதிலே வராமல் போனால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அப்போதும் கையில் இருக்க வேண்டியவை ரசீதுகளும் அனுப்பிய கடிதமும்தான்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. அவர்கள் `reportaproblem.apple.com` தளத்தில் நுழைந்து, பட்டியலில் உரியதைத் தெரிவு செய்து, சம்மதமில்லாமல் குழந்தை வாங்கியது என்ற காரணத்தைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். பணம் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டினால் அப்போதே கேட்க முடியாது. அது முடிந்து ரசீது வந்த பின் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் அனுப்பிய பிறகு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பதில் தாமதமாகும்போது, இணையத்தில் "கஸ்டமர் கேர் எண்" என்று தேடி, கிடைத்த எண்ணுக்கு அழைப்பவர்கள் உண்டு. மறுமுனையில் பேசுகிறவர், பணம் வர வேண்டுமானால் வந்திருக்கும் கோரிக்கையில் பின் எண் போடுங்கள் என்பார், அல்லது ஒரு செயலியை நிறுவச் சொல்வார். யூபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் எண் கேட்கப்பட்டாலே பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள். உண்மையில் பணம் திரும்பும்போது நாம் எதையும் அழுத்த வேண்டியதில்லை: வரலாற்றில் அந்த ஆர்டருக்கு அருகில் `Refunded` என்று மாறியிருக்கும், சில வேலை நாள்களில் தொகை வங்கிக் கணக்குக்குத் தானாக வந்துசேரும். அப்படி மாறியும் தொகை வரவில்லை என்றால்தான், அந்த விவரத்தோடு வங்கியை அணுக வேண்டும்.

இதற்கிடையே அதே இரவில் செய்து முடிக்க வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, யூபிஐ பின் எண்ணை மாற்றுவது. இரண்டாவது, பிளே ஸ்டோரின் அமைப்புகளில் `Purchase verification` என்ற பகுதியைத் திறந்து, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்புக் கேட்கும்படி அமைப்பது. கைப்பேசியில் கூகுள் கணக்குகள் பல இருந்தால் ஒவ்வொன்றிலும் அதைப் பார்க்க வேண்டும். சரிபார்ப்புக்குக் கைரேகையைத் தேர்ந்தெடுப்பதானால், கைப்பேசியின் பூட்டைத் திறப்பதற்காகப் பையனின் விரலும் முன்பே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பதிவாகியிருந்தால் அந்தச் சரிபார்ப்பு அவன் விரலுக்கும் வழிவிடும். ஆகவே அவன் ரேகையை நீக்குங்கள், அல்லது கைரேகைக்குப் பதிலாகக் கூகுள் கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.